இடுப்பு பெருத்த ஊர்: கியா பார்ம், அன்றும் இன்றும்

காலை ஆறரை மணிக்குக் கேமரன் மலையின் கியா பார்ம் சந்தையில் நின்றால் கண்ணில் படுவதெல்லாம் இளைஞர்கள்தான். லாரியில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றுபவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இனிப்புச் சோளத்தை அடுக்குபவருக்கு முப்பது. பனி விலகாத சரிவில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கும் இருவருக்கும் அதே வயதுதான். வங்காளமும் நேபாளியும் இந்தோனேசிய மொழியும் காதில் விழுகின்றன. புதிதாக வந்தவர் யாரும் இதை இளமையான ஊர் என்றுதான் சொல்வார்.

கடையில் உட்கார்ந்து காசு வாங்கிப் போடும் தமிழ் அம்மாவுக்கு எழுபது வயது. தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நான் ஊரைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அப்பல்லாம் லயத்துல பிள்ளைங்க சத்தம்தான் தம்பி நம்மள எழுப்பும். இப்ப சேவல் கூவினாத்தான் உண்டு. என் பிள்ளைங்க மூணு பேரும் கீழ இறங்கிட்டாங்க."

ஒரே ஊர். கண் ஒன்று சொல்கிறது, அந்த அம்மாவின் காது வேறொன்று சொல்கிறது. இரண்டில் எது சரி என்று பார்க்கத்தான் மக்கள்தொகை பிரமிடு என்ற படம் இருக்கிறது. அமெரிக்காவின் 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து பிரான்சிஸ் வாக்கர் 1874இல் வெளியிட்ட புள்ளியியல் வரைபடத் தொகுப்பில் இத்தகைய படங்கள் இடம்பெற்றன. நூற்றைம்பது ஆண்டுகளாக அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். அடித்தட்டில் 0 முதல் 4 வயது, அதன் மேல் 5 முதல் 9, அப்படியே ஐந்தைந்து வயதாக உச்சிவரை படிகள். ஒவ்வொரு படியின் நீளமும் அந்த வயதினர் மொத்த மக்களில் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதைக் காட்டும்.

பள்ளிப் பாடத்தில் இதைப் படிக்கும் வழி எளிது. அடி அகன்று உச்சி கூர்ந்திருந்தால் இளம் மக்கள்தொகை. அடி சுருங்கி மேல்பகுதி பருத்திருந்தால் மூப்படையும் மக்கள்தொகை. ஒரு நாட்டுக்கு இந்த விதி பெரும்பாலும் பொருந்திப் போகும். கேமரன் மலைபோன்ற தோட்டப் பகுதியில் இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். காரணம், இங்கே பிரமிடின் உருவத்தைப் பிறப்பும் இறப்பும் மட்டும் செதுக்குவதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் முறையும் செதுக்குகிறது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

முதல் படம்: ஆண்களின் மலை

வில்லியம் கேமரன் 1885இல் அளந்த இந்த மேட்டுநிலத்தில், ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1930களில் தாப்பாவிலிருந்து சாலை ஏறி வந்தபின் தோட்டங்கள் விரிந்தன. கியா பார்முக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை பாலாஸ் தோட்டமும் அந்த நிறுவனத்தினுடையதுதான். காடு வெட்டவும் கன்று நடவும் ஆட்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்.

அந்தக் காலத்து மலாயா இந்தியர்களுக்குப் பிரமிடு வரைந்தால் எப்படி இருந்திருக்கும்? 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறு இந்தியப் பெண்கள்கூட இல்லை. எனவே இடப்பக்கம் இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை படிகள் நீண்டு துருத்திக்கொண்டிருந்தன. வலப்பக்கம் அதே உயரத்தில் படிகள் குறுகியிருந்தன. பெண்கள் குறைவென்பதால் குழந்தைகளும் குறைவு. உச்சியில் கிழவர்கள் மிகக் குறைவு. உடம்பு தளர்ந்தால் கப்பலேறி ஊர் திரும்புவதே வழக்கம். அடியும் இல்லை, நுனியும் இல்லை, நடுவில் மட்டும் இடுப்புப் பெருத்த உருவம் அது.

இந்தப் படத்தைப் பார்த்து இளம் சமூகம் என்று சொன்னால் அது பிழை. இளமை என்று மக்கள்தொகை ஆய்வில் சொல்வது குழந்தைகளால் அமைவது. இங்கே இருந்தது உழைக்கும் வயது மட்டும். பிள்ளைப் பருவம் தமிழ்நாட்டுக் கிராமத்தில் கழிந்தது, முதுமையும் அங்கேயே கழிந்தது. நடுவில் இருந்த பலமான ஆண்டுகளை மட்டும் தோட்டம் எடுத்துக்கொண்டது.

பழைய கணக்கெடுப்புகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறந்த தேதி தெரியாதவர்கள் "நாப்பது இருக்கும்", "அம்பது இருக்கும்" என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு வயதாகப் படம் போட்டால் 30, 40, 50, 60 என்ற இடங்களில் படிகள் முள்ளாக நீட்டி நிற்கும். ஐந்தைந்து வயதாகத் தொகுத்தால் இந்தக் கோளாறு ஓரளவு அடங்கும். முழுவதும் அடங்காது.

இரண்டாம் படம்: பிள்ளைகளின் மலை

1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. போர் வந்தது. சயாம் மரண ரயில் பாதை தோட்டத் தமிழர்களை ஆயிரமாயிரமாக விழுங்கியது. போருக்குப் பின் எஞ்சியவர்கள் இங்கேயே குடும்பமாக வேரூன்றினார்கள். வெளியிலிருந்து ஆள் வருவது நின்றதும் பிரமிடின் உருவத்தைப் பிறப்பே முடிவுசெய்யத் தொடங்கியது.

1970இல் மலேசிய மக்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள் பிறந்த காலம். படம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோன்ற அசல் முக்கோணம். கடையில் பார்த்த அந்த அம்மா சொன்ன பிள்ளைகளின் சத்தம் இந்த அடித்தட்டிலிருந்து எழுந்ததுதான். தோட்டத்தில் ஆயாக் கொட்டகை நிறைந்திருக்கும். பெரிய மரத்தடியில் தூளி வரிசையாகத் தொங்கும். தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்வார்கள்.

அந்த முக்கோணத்திலும் ஒரு வெட்டு விழுந்தது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பல்லாயிரம் தமிழர்கள் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அவர்கள் பெரும்பாலும் வேலை வயதினர். பிரமிடில் பக்கவாட்டில் கடித்தாற்போல் ஒரு பள்ளம் தெரிந்தால், அதன் பின்னால் சாவு, பஞ்சம், போர், சட்டம் என்று ஏதோ ஒன்று இருக்கும். பள்ளத்தின் வயதைக் கணக்கெடுப்பு ஆண்டிலிருந்து கழித்துப் பார்த்தால் அது எந்தத் தலைமுறை என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படம்: மீண்டும் பெருத்த இடுப்பு

அந்த முக்கோணத்தின் அடியில் இருந்த பிள்ளைகள் படித்தார்கள். மேல்படிப்புக்கும் வேலைக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கினார்கள். பெற்றுக்கொள்ளும் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. நாடு முழுவதுமே அப்படித்தான். 2010இல் மலேசிய மக்கள்தொகையில் 27.6 விழுக்காடாக இருந்த 15 வயதுக்குட்பட்டோர் 2020 கணக்கெடுப்பில் 24.0 ஆனார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் 5.0இலிருந்து 6.8 விழுக்காட்டுக்கு ஏறினார்கள். நடுவயது 26.2இலிருந்து 29.2 ஆனது. நடுவயது என்றால் மக்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே.

பிள்ளைகள் விட்டுப்போன வேலைக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மலேசியாவின் வெளிநாட்டுத் தொழிலாளர் விதிகளைப் படித்துவிட்டுப் பிரமிடைப் பார்த்தால் அதன் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் புரியும். அனுமதி கேட்கும்போது வயது 18க்கும் 45க்கும் இடையே இருக்க வேண்டும். குடும்பத்தை அழைத்துவர முடியாது. இங்கே திருமணம் செய்துகொள்ளவும் முடியாது. குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் திரும்ப வேண்டும்.

இதன் பொருள் என்ன? அவர்கள் நிற்கும் படிகளுக்கு அடியில் அவர்களுடைய குழந்தைகள் இல்லை. இருபது ஆண்டு கழித்து மேல் படிகளுக்கு அவர்கள் ஏறப்போவதும் இல்லை. ஒருவர் போனால் இன்னொரு இருபத்தைந்து வயதுக்காரர் அதே படியில் வந்து நிற்பார். மற்ற படிகளில் காலம் ஓடுகிறது, அந்தப் படிகளில் மட்டும் காலம் நின்றுவிட்டது. 1931இல் நம் பாட்டன்மார் நின்ற அதே படிகள்தான் அவை.

உச்சியிலும் ஒரு வெட்டு உண்டு. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. 2013இலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டிய நிலை பலருக்கு. அப்படிப்பட்டவர்கள் தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ பிள்ளைகள் இருக்கும் ஊரிலோ போய்ச் சேர்கிறார்கள். ஆகவே தோட்டத்தை மட்டும் தனியாக வரைந்தால் முதியவர்களே இல்லாததுபோல் தெரியும். அவர்கள் சாகவில்லை, பக்கத்து ஊரின் பிரமிடில் ஏறியிருக்கிறார்கள். தோட்டத்தையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்து, மாவட்டமாகத்தான் படிக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஆயிரம் பேர் வாழும் ஒரு மலையூரை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக நானே வைத்த எண்கள் இவை, எந்தக் கணக்கெடுப்பிலிருந்தும் எடுத்தவை அல்ல. 15 வயதுக்குட்பட்டவர்கள் 120 பேர். 15 முதல் 64 வரை 790 பேர். 65ஐத் தாண்டியவர்கள் 90 பேர். நடுவில் உள்ள 790 பேரில் 350 பேர் அனுமதியில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

முதலில் எல்லாரையும் சேர்த்துப் பார்க்கலாம். முதியவர்கள் நூற்றுக்கு 9. ஐக்கிய நாடுகள் அவை வழக்கமாக வைக்கும் அளவுகோலில் 7 விழுக்காட்டைத் தாண்டினால் மூப்படையும் சமூகம், 14ஐத் தொட்டால் மூத்த சமூகம். அப்படியானால் இந்த ஊர் இப்போதுதான் மூப்பின் வாசலைத் தாண்டியிருக்கிறது. உழைக்கும் வயதில் உள்ள 100 பேரை நம்பிப் பிள்ளைகளும் முதியவர்களுமாக 27 பேர்தான். கவலைப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும்.

இப்போது அந்த 350 பேரை ஒதுக்கிவைத்து, ஊரிலேயே பிறந்து மூப்படையப் போகும் 650 பேரை மட்டும் பாருங்கள். முதியவர்கள் 90 பேர் என்பது நூற்றுக்கு கிட்டத்தட்ட 14 ஆகிவிடுகிறது. உழைக்கும் 440 பேரை நம்பி 210 பேர், அதாவது 100 பேருக்கு 48 பேர். வாசலைத் தாண்டியதாக நினைத்த ஊர் வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஒரு விகிதம் மட்டும் இரண்டு கணக்கிலும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். முதியவர்களைப் பிள்ளைகளால் வகுத்தால் 90க்கு 120. நூறு பிள்ளைகளுக்கு 75 முதியவர்கள். நடுவில் எத்தனை பேர் வந்தாலும் போனாலும் இந்த எண் அசையாது. இதை மூப்புக் குறியீடு என்பார்கள். இடுப்பு பெருத்த பிரமிடைக் கண்டால் முதலில் எடுக்க வேண்டிய அளவு இதுதான். 2020 கணக்கெடுப்பின்படி மலேசியா முழுமைக்கும் இந்தக் குறியீடு சுமார் 28. 2010இல் சுமார் 18. நம் கற்பனை ஊரின் 75ஐ இவற்றோடு வைத்துப் பார்த்தால் தீர்ப்பு தானாக வந்துவிடும்.

இடுப்பு தானாகப் பெருத்ததா, ஆள் சேர்த்ததால் பெருத்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு அடையாளங்கள் போதும். முதலாவது, இடது வலது ஒப்பீடு. உள்ளூரில் பிறந்து வளர்ந்தவர்களாக இருந்தால் 20 முதல் 39 வயதுவரை ஆண் படியும் பெண் படியும் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் துருத்தினால் அது வேலைக்கு வந்த கூட்டம். கத்தார் நாட்டின் பிரமிடு இதற்கு உச்சமான சான்று. அங்கே மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆண்கள், அதுவும் உழைக்கும் வயதில். சுவீடனின் புள்ளியியலாளர் சுண்ட்பாரி 1900ஆம் ஆண்டு வாக்கில் இன்னொரு எளிய சோதனையும் சொன்னார். ஆள் வரத்தும் போக்கும் இல்லாத மக்கள்தொகையில் 15 முதல் 49 வயதினர் ஏறத்தாழ பாதியாகவே இருப்பார்கள். பாதிக்கு மேல் வெகுவாக ஏறினால் ஆள் வந்திருக்கிறார்கள், வெகுவாக இறங்கினால் போயிருக்கிறார்கள்.

இரண்டாவது அடையாளம், இரண்டு கணக்கெடுப்புகளை அடுத்தடுத்து வைப்பது. பத்து ஆண்டில் ஒவ்வொருவரும் சரியாக இரண்டு படி ஏறுவார்கள். 2010இல் 10 முதல் 14 வயதுப் படியில் இருந்தவர்கள் 2020இல் 20 முதல் 24இல் நிற்க வேண்டும். இந்த வயதில் சாவு மிகக் குறைவு. எனவே நூறு பெண் பிள்ளைகள் அறுபதாகக் குறைந்திருந்தால் நாற்பது பேர் மலையிறங்கிவிட்டார்கள் என்று பொருள். நூறு ஆண் பிள்ளைகள் நூற்றெண்பது இளைஞர்களாகப் பெருகியிருந்தால் எண்பது பேராவது வெளியிலிருந்து வந்தவர்கள். இந்தக் கணக்குக்கு விகிதத்தை விட்டுவிட்டு ஆள் எண்ணிக்கையையே எடுக்க வேண்டும்.

எங்கே தவறும்

மலேசியப் புள்ளிவிவரத் துறையின் open.dosm.gov.my தளத்தில் மாவட்ட வாரியாக வயது, பால், இனம் பிரித்த மதிப்பீடுகள் கிடைக்கின்றன. குடிமக்கள் அல்லாதவர்கள் தனி வரியாக இருப்பதால் மேலே சொன்ன பிரிப்பை யாரும் செய்யலாம். ஆனால் அங்கே எண்கள் ஆயிரத்தில், ஒரே ஒரு தசமத்தோடு தரப்படுகின்றன. 0.1 என்றால் சுமார் நூறு பேர். கேமரன் மலை மக்கள்தொகையே நாற்பதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் எழுபது வயதைத் தாண்டிய இந்தியப் பெண்கள் என்று நுணுக்கிக்கொண்டே போனால் 0.1, 0.0 என்ற எண்கள்தான் கையில் மிஞ்சும். அறுபது பேர் நூறாகத் தெரியலாம், நாற்பது பேர் மறைந்தே போகலாம். இத்தனை சிறிய மக்களுக்கு ஐந்தாண்டுப் படிகளை விட்டுவிட்டுப் பிள்ளைகள், உழைப்பவர்கள், முதியவர்கள் என்ற மூன்று பெரிய படிகளாகத் தொகுத்துப் படிப்பதே சரி. கியா பார்ம் என்ற ஒரு சந்தைத் தெருவுக்கு மட்டும் பிரமிடு வரைந்து தீர்ப்பு எழுதக் கூடாது.

ஒரே மாவட்டத்தில் ஒரே உருவமும் இல்லை. இதே மலையின் ஓராங் அஸ்லி கிராமங்களில் பிள்ளைகள் அதிகம், அவர்களுடைய பிரமிடின் அடி இன்னும் அகலம். சீனக் காய்கறி விவசாயிகளின் குடும்பங்களில் குழந்தைகள் குறைவு. இவற்றையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் அகலம் மற்றொன்றின் பள்ளத்தை மூடிவிடும். மாவட்டப் படம் சாதாரணமாகத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு சமூகம் நரைத்துக்கொண்டிருக்கலாம். அனுமதி இல்லாமல் பண்ணைகளில் வேலை செய்பவர்கள் கணக்கெடுப்பாளர் முன் வருவதும் குறைவு. ஆகவே இடுப்பு படத்தில் தெரிவதைவிட நிஜத்தில் பெரிதாகவே இருக்கும்.

தீர்ப்பு

தொண்ணூறு ஆண்டு இடைவெளியில் இந்த மலை இரண்டு முறை ஒரே உருவத்தை எடுத்திருக்கிறது. அன்று இடுப்பில் நின்றவர்கள் நம்மவர்கள். தடை வந்தபின் அவர்களில் பலர் இங்கேயே தங்கி, மணம் முடித்து, பிள்ளை பெற்று, அந்த உருவத்தை முக்கோணமாக்கினார்கள். இன்று நிற்பவர்களுக்கு அந்த வழி சட்டப்படி அடைக்கப்பட்டிருக்கிறது. அதனால் இன்றைய இடுப்பு நாளைய அடித்தட்டாக மாறாது. சந்தையில் கண்ணுக்குத் தெரியும் இளமை வாடகைக்கு வந்தது. அதற்குப் பின்னால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஊர் மூப்படைந்துகொண்டிருக்கிறது. அந்த அம்மாவின் காதுதான் சரியாகக் கேட்டிருக்கிறது.

மலையில் தமிழ்ப்பள்ளிக்கு எத்தனை வகுப்பறை வேண்டும், மருத்துவமனையில் முதியோருக்கு எத்தனை படுக்கை வேண்டும், ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு வீடு எங்கே என்று முடிவெடுக்கும் எவரும், மாவட்டத்தின் மொத்தப் படத்தை மட்டும் மேசையில் விரித்து வைக்க வேண்டாம். பக்கத்தில் குடிமக்களின் படத்தைத் தனியாக வரைந்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் தெரியும் வித்தியாசத்தில்தான் இந்த மலையின் உண்மையான வயது இருக்கிறது.